ஈசுவரதத்தன் எப்போது ஆண்டான்? காசுக் குடத்தை விசாரிக்கும் முறை

எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுகள் இருக்கும் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சில புதியவர்களை அழைத்துப் போவது என் வழக்கம். ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், காசுலயே ராஜா பேரு இருக்கு, சில காசுல வருஷமும் இருக்கு. அப்புறம் இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு காசைப் பற்றிச் சொன்னேன். அதில் மன்னன் பெயர் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு "முதலாம் ஆண்டில்" என்றோ "இரண்டாம் ஆண்டில்" என்றோ மட்டும் சொல்கிறது. எதிலிருந்து முதலாம் ஆண்டு? அவன் அரியணை ஏறியதிலிருந்து. எப்போது ஏறினான்? அதைச் சொல்ல அவன் பெயரில் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. வெள்ளிக்காசுகள் மட்டுமே மிச்சம். அவன் பெயர் ஈசுவரதத்தன்.

இந்த ஒருவனை வைத்தே முறை முழுவதையும் சொல்லிவிடலாம். குஜராத்தையும் மாளவத்தையும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆண்ட மேலைச் சத்ரபர்களின் நடுவே புகுந்தவன் இவன். சேர சோழ பாண்டியரை விட்டுவிட்டு அங்கே ஏன் போக வேண்டும் என்றால், சத்ரபர் காசில் ஆண்டு பொறித்திருக்கும். நம் சங்ககாலக் காசில் இருக்காது. நீச்சலை முதலில் கரையில் பிடி இருக்கும் குளத்தில் பழகுவது நல்லது.

முதலில் ஓர் உண்டியலை உடையுங்கள்

வீட்டில் பழைய மண் உண்டியல் இருந்தால் உடைத்து, காசுகளை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். மிகப் புதிய காசு 2009 என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த உண்டியலில் கடைசிக் காசு விழுந்தது 2009-க்கு முன்னால் இருக்க முடியாது. 2009-இலேயே விழுந்தது என்று சொல்ல முடியாது. 2009-ஆம் ஆண்டுக் காசு 2015-இலும் கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

புதையலும் இப்படித்தான். அதிலுள்ள மிகப் புதிய காசை இறுதிக் காசு என்று சொல்வோம். குடம் புதைக்கப்பட்டது அந்தக் காசு அச்சிடப்பட்ட ஆண்டிலோ அதற்குப் பின்போதான். எவ்வளவு பின்பு என்பதற்கு உண்டியலே ஒரு குறிப்பும் தரும். 2005, 2006, 2007, 2008, 2009 எனத் தொடர்ச்சியாகக் காசுகள் நிறைய இருந்து, 2010-க்கு மேல் ஒன்றுகூட இல்லை என்றால், 2009-ஐ ஒட்டித்தான் நின்றது என்று துணிந்து சொல்லலாம். 1998-க்குப் பிறகு 2009-இல் ஒரே ஒரு காசு மட்டும் கிடந்தால் அந்தத் துணிவு வராது. கடைசி ஆண்டு எது என்று மட்டும் பார்க்காமல், அந்தக் கடைசிப் பகுதி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்றும் பாருங்கள்.

இந்தப் பயிற்சியைக் கையால் செய்யாமல் வாசித்துவிட்டு மட்டும் போகிறவர்கள் பின்னால் வரும் ஒரு படியில் கட்டாயம் தடுமாறுகிறார்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

காசைப் படித்தல்

சத்ரபர் வெள்ளிக்காசு மிகச் சிறியது. எடை சுமார் 2 கிராம், குறுக்களவு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். முகப்பில் வலப்புறம் பார்க்கும் மன்னன் தலை. சுற்றிலும் கிரேக்க எழுத்தின் சிதைந்த எச்சம். எழுத்து என்று நினைத்து அதைப் படிக்க முயல வேண்டாம், அச்சு வெட்டியவருக்கே அது புரிந்திருக்காது. பின்புறம் வளைவுகளை அடுக்கியது போன்ற மலை, அதன் மேல் பிறை, பக்கத்தில் கதிர்வீசும் சூரியன், கீழே நெளிகோடு. சுற்றிப் பிராமி எழுத்து.

அந்தப் பிராமி வாசகம்தான் பொக்கிஷம். "அரசன் மகாசத்ரபன் இன்னானின் மகன், அரசன் மகாசத்ரபன் இன்னான்" என்ற வடிவில் அது அமைந்திருக்கும். ஆண்டவன் பெயரோடு அவன் அப்பன் பெயரும் வந்துவிடுகிறது. பட்டமும் வருகிறது. மகாசத்ரபன் என்பவன் மூத்த ஆட்சியாளன். சத்ரபன் என்பவன் அவனுக்குக் கீழே, பெரும்பாலும் வாரிசு. இருவரும் ஒரே காலத்தில் தத்தம் பெயரில் காசு அடித்தார்கள். இதை மறந்தால் அட்டவணை முழுக்கக் குழம்பும்.

ஆண்டு எண் மன்னன் தலைக்குப் பின்னால் இருக்கும். இடமதிப்பு முறையில் அது எழுதப்படவில்லை. நூறுக்கு ஒரு குறி, ஐம்பதுக்குத் தனிக்குறி, எட்டுக்கு ஒரு குறி. மூன்றையும் சேர்த்தால் 158. நம் பழைய தமிழ் எண்ணில் ௱௫௰௮ என்று எழுதுவதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் ஐம்பதை ஐந்தும் பத்துமாக எழுதுகிறோம்; பிராமியில் இருபது, முப்பது, ஐம்பது, எழுபது ஒவ்வொன்றுக்கும் தனி உருவம். ஆக, பத்துகளின் குறி பாதி அழிந்திருந்தால் ஊகித்து நிரப்பக் கூடாது. நான் தொடக்கத்தில் ஒரு காசின் எண்ணை அப்படி நிரப்பி, ஒரு மன்னனுக்கு இருபது ஆண்டு கூடுதலாக ஆட்சி கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, அதே வகையில் தெளிவான இன்னொரு காசின் படத்தைப் பார்த்தபோதுதான் முழித்துக்கொண்டேன்.

இந்த எண்கள் சக ஆண்டுகள். 78 கூட்டினால் கி.பி. வரும். சக ஆண்டு சித்திரையை ஒட்டித் தொடங்குவதால் சக 158 என்பது 236-இன் பெரும்பகுதியும் 237-இன் தொடக்கமும். குறிப்பேட்டில் சக ஆண்டையே எழுதுங்கள். கி.பி.-க்கு மாற்றுவதைக் கடைசியில் ஒரே தடவை செய்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் மாற்றினால் எங்கோ ஓராண்டு நழுவும்.

ஆண்டுகளை அடுக்கி, இடைவெளி தேடுதல்

இப்போது ஈசுவரதத்தனிடம் வருவோம். அவன் காசு பார்வைக்கு அப்படியே சத்ரபர் காசு. அதே தலை, அதே மலை, அதே பிறை. ஆனால் வாசகத்தில் இரண்டு விஷயங்கள் உறுத்தும். அப்பன் பெயர் இல்லை. சக ஆண்டுக்குப் பதில் "முதலாம் ஆண்டில்", "இரண்டாம் ஆண்டில்" என்று எழுத்தால் இருக்கிறது. பட்டம் மட்டும் பெரிய பட்டம்: மகாசத்ரபன். வம்சத்துப் பிள்ளை என்றால் அப்பன் பெயரை விடமாட்டான். வெளியிலிருந்து வந்து நாற்காலியைப் பிடித்தவன் என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியென்றால் அவன் இருந்த காலத்தில் வம்சத்தார் யாரும் மகாசத்ரபன் பட்டத்தோடு காசு அடித்திருக்க மாட்டார்கள் என்பது நம் முதல் ஊகம். எனவே மகாசத்ரபன் பட்டக் காசுகளின் ஆண்டுகளை ஒரு நீளத் தாளில் வரிசையாக எழுதி, எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கத்துக்கு, பிரிட்டிஷ் மியூசியத்தின் காசுகளுக்கு ராப்சன் 1908-இல் வெளியிட்ட பட்டியல் போதும். பழைய நூல் என்பதால் இணையத்தில் காசு கொடுக்காமலே கிடைக்கும்.

வரிசையில் இரண்டு இடங்கள் கண்ணில் படும்.

முதல் இடம், முதலாம் ருத்ரசிம்மன் காலம். சக 103 முதல் 110 வரை அவன் மகாசத்ரபன். 110 முதல் 112 வரை உள்ள காசுகளில் வெறும் சத்ரபன். 113-இலிருந்து மறுபடி மகாசத்ரபன். பெரிய பட்டத்திலிருந்து இறங்கி மீண்டும் ஏறியிருக்கிறான்.

இரண்டாம் இடம், அவன் மகன் தாமசேனன் முடிவில். தாமசேனன் மகாசத்ரபனாக அடித்த காசு சக 158-இல் நிற்கிறது. அவன் மகன் யசோதாமன் 160-இல் சத்ரபன், 161-இல்தான் மகாசத்ரபன். நடுவில் இன்னொரு மகன் வீரதாமன் 156 முதல் 160 வரை சத்ரபனாக மட்டும் காசு அடித்துக்கொண்டே இருக்கிறான்.

ஈசுவரதத்தனுக்குத் தேவை இரண்டு ஆட்சியாண்டுகள். இரண்டு ஓட்டையிலும் அவன் பொருந்துகிறான்! வரலாற்றாய்வாளர் தேவதத்த பண்டார்கர் முதல் ஓட்டையில் வைத்தார்: கி.பி. 188 முதல் 190 வரை. ராப்சன் இரண்டாவதில் வைத்தார்: 236 முதல் 239 வரை. நாற்பத்தெட்டு ஆண்டு வித்தியாசம். பாட்டன் காலமா பேரன் காலமா என்ற அளவுக்கு.

ஓட்டை நிஜமா?

இதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஓட்டை மன்னனால் வந்ததா, நம் கைக்குக் காசு சேராததால் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சத்ரபர் காசில் அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. தலைக்குப் பின்னாலிருக்கும் எண் பல சமயம் துண்டுக்கு வெளியே போய்விடும். எண் தெரியாத காசுகள் பட்டியலில் "ஆண்டில்லை" என்ற வரியில் ஒதுங்கிக் கிடக்கும். சக 159 அங்கேயே ஒளிந்திருக்கலாம். எனவே ஒரு மன்னனின் ஆண்டுள்ள காசுகளையும் ஆண்டில்லாக் காசுகளையும் தனித்தனியே எண்ணி எழுதுங்கள். ஆண்டில்லாதவை அதிகமாக இருக்கும் மன்னனிடம் ஓராண்டு இடைவெளிக்குப் பெரிதாகப் பொருள் இல்லை.

முதல் ஓட்டையின் வலு வேறு வகை. அங்கே காசு இல்லாததால் ஐயம் வரவில்லை. இருக்கும் காசிலேயே பட்டம் குறைந்திருக்கிறது. இது இடைவெளியைவிடப் பலமான சான்று. ஆனால் பட்டத்தைப் பறித்தவன் ஈசுவரதத்தன்தான் என்று அது சொல்லவில்லை. ருத்ரசிம்மனுக்கு வீட்டுக்குள்ளேயே போட்டி இருந்தது. அவன் அண்ணன் மகன் ஜீவதாமனும் மகாசத்ரபன் பட்டத்தில் காசு அடித்தவன். பங்காளிச் சண்டையில் பட்டம் போய்த் திரும்பியிருக்க முடியும். ஆக முதல் ஓட்டை நிஜமானது, ஆனால் அதற்கு வேறு ஆளும் இருக்கிறான். இரண்டாம் ஓட்டை சிறியது, அதற்கு வேறு ஆள் இல்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்றில் சிவதத்தன் மகனான, ஆபீரக் குலத்து அரசன் ஈசுவரசேனன் வருகிறான். ஈசுவரதத்தன், ஈசுவரசேனன், சிவதத்தன் என்று பெயர்கள் ஒலிப்பதை வைத்து எல்லாரையும் ஒரே குடும்பமாக்கிக் காலம் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒலிப்பு ஓர் ஊகத்தைத் தூண்டலாம், அவ்வளவே. மயிலாப்பூரில் தேடினால் ஒரே தெருவில் நான்கு சுப்பிரமணியன்கள் கிடைப்பார்கள்.

முகச்சாயலை அருகருகே வைத்தல்

அச்சு வெட்டுகிற கம்மியருக்கு ஒரு கை உண்டு. மூக்கை எப்படி இறக்குவது, கண்ணுக்கு எத்தனை கோடு, மீசை நுனி எங்கே வளைவது, பிராமி "ர"வின் கால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரிதாக மாறாது. ஐம்பது ஆண்டில் மாறிவிடும். மன்னன் மாறினாலும் பட்டறை அதே பட்டறையாக இருந்தால் கை தெரியும். அதிகாரத்தைப் பிடித்தவன் பட்டறையையும் பிடித்திருப்பான். கம்மியரைப் புதிதாக எங்கிருந்து கொண்டுவருவான்?

ராப்சன் முக்கியமாக இதைத்தான் நம்பினார். ஈசுவரதத்தன் காசின் தலையமைப்பு வீரதாமன், யசோதாமன், அடுத்து வந்த விஜயசேனன் ஆகியோர் காசுகளோடு ஒத்துப்போகிறது என்பது அவர் வாதம்.

நீங்களே இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ருத்ரசிம்மன், தாமசேனன், வீரதாமன், யசோதாமன், விஜயசேனன் ஆகியோரின் ஆண்டு தெரிந்த காசுப் படங்களை ஒரே அளவில் அச்சிடுங்கள். பெயரையும் ஆண்டையும் பின்பக்கம் எழுதுங்கள். கலைத்துவிட்டு, முகத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். ஆண்டு தெரிந்தவற்றையே உங்களால் ஓரளவு சரியாக அடுக்க முடியவில்லை என்றால், ஆண்டு தெரியாதவனை அடுக்க உங்கள் கண் இன்னும் தயாராகவில்லை. என் குழுவில் இதை முதல் தடவையிலேயே ஒப்பேற்றியவர் ஓவியம் வரைகிற ஒரு அம்மா மட்டும்தான். வரலாறு படித்தவர்கள் எல்லாம் தவறினோம், என்னையும் சேர்த்து.

பாணியைவிட உறுதியான சான்று ஒன்று உண்டு: ஒரே அச்சு. இரண்டு வெவ்வேறு மன்னர் காசுகளின் ஒரு பக்கம் ஒரே அச்சிலிருந்து வந்திருந்தால், அச்சில் விழுந்த விரிசலும் கீறலும் இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும். ஓர் அச்சு நீண்ட காலம் தாங்காது. எனவே அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் அந்த இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகள்தான். படங்களைப் பார்க்கும்போது இதற்கும் ஒரு கண் வைத்திருங்கள்.

எந்தக் குடத்தைக் கேட்பது?

புதியவர்கள் பெரிய புதையலைத் தேடி ஓடுகிறார்கள். ராஜஸ்தானத்தில் பான்ஸ்வாரா அருகே சர்வானியாவில் 1911-இல் 2,393 சத்ரபர் காசுகள் கிடைத்தன. அதைப் பார்த்ததும், "இவ்வளவு பெரிய குவியலில் ஈசுவரதத்தன் இருக்கிறானா பாருங்கள், தீர்ந்தது" என்பார்கள். தீராது.

ஏன் என்று பாருங்கள். சர்வானியாப் புதையலின் இறுதிக் காசு சக 273. ஈசுவரதத்தன் பண்டார்கர் சொன்னபடி 110-ஐ ஒட்டி இருந்தாலும் 273-க்கு முந்தையவன். ராப்சன் சொன்னபடி 158-ஐ ஒட்டி இருந்தாலும் 273-க்கு முந்தையவன். இரண்டு கட்சிக்கும் அந்தக் குடத்தில் அவன் காசு இருக்கலாம். இருந்தால் யாருக்கும் லாபமில்லை, இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

தேய்மானத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கட்சிப்படி அந்தக் காசு 160 ஆண்டுகளுக்கு மேல் புழங்கியிருக்க வேண்டும். மறு கட்சிப்படி ஏறத்தாழ 115 ஆண்டுகள். இரண்டுமே நன்றாகத் தேய்ந்துதான் போயிருக்கும். மேலும் எல்லாக் காசும் எல்லா ஆண்டும் கைமாறுவதில்லை. யாரோ ஒரு செட்டியாரின் பெட்டியில் ஐம்பது ஆண்டு தூங்கிய காசு புத்தம்புதிதாக வெளிவரும்.

நமக்கு வேண்டியது சக 113-க்கும் 158-க்கும் இடையில் மூடப்பட்ட குடம். ஐம்பது காசுதான் என்றாலும் சரி. அப்படி ஒரு குடத்தில் ஈசுவரதத்தன் காசு ஒன்றே ஒன்று இருந்தாலும் ராப்சன் கட்சி அங்கேயே விழுந்துவிடும். 145-இல் மூடிய குடத்துக்குள் 159-ஆம் ஆண்டுக் காசு எப்படி நுழையும்? இரண்டாயிரம் காசுள்ள குடம் சொல்லாததை இந்தச் சின்னக் குடம் சொல்லிவிடும். இரண்டு யூகங்களுக்கும் நடுவில் மூடிய குடம்தான் சாட்சி. மற்றவை எல்லாம் ஊர்க்கதை கேட்க வந்தவை.

ஆகவே பட்டியல்களைப் புரட்டும்போது "எத்தனை காசு" என்ற கட்டத்தைத் தாண்டி "இறுதிக் காசு" என்ற கட்டத்துக்கு நேராகப் போங்கள்.

இல்லை என்பதற்கு எவ்வளவு மதிப்பு?

நடுவில் மூடிய ஒரு குடம் கிடைத்து, அதில் ஈசுவரதத்தன் இல்லை என்றால்? அது ராப்சனுக்குச் சாதகம்தான், ஆனால் எவ்வளவு சாதகம் என்பது குடத்தின் அளவைப் பொறுத்தது. இங்கேதான் அளவு முக்கியமாகிறது.

கணக்குக்காக ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டே ஆண்டு ஆண்டவன், ஆகவே அன்று புழங்கிய நூறு காசுக்கு அவன் காசு ஒன்று என்று வையுங்கள். ஐம்பது காசுள்ள குடத்தில் அவன் தற்செயலாகவே இல்லாமல் போகும் வாய்ப்பு `0.99^50`, அதாவது சுமார் 0.6. பத்தில் ஆறு தடவை இல்லாமல்தான் இருப்பான். அந்த மௌனத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. முந்நூறு காசுள்ள குடம் என்றால் `0.99^300`, சுமார் 0.05. இருபதில் ஒரு தடவைதான் தற்செயலாக விடுபடுவான். இந்த மௌனம் பேசுகிறது.

நூறில் ஒன்று என்பதை ஆயிரத்தில் ஒன்றாக மாற்றினால் முந்நூறு காசுக் குடமும் ஊமையாகிவிடும். அதனால் அந்தப் பங்கைச் சும்மா வைக்கக் கூடாது. அவனும் அவன் காலத்தவரும் சேர்ந்து வரும் பிற்காலப் புதையல்களில் அவன் பங்கு எவ்வளவு என்று எண்ணி, அதை வைக்க வேண்டும். முன்னே "பயனில்லை" என்று ஒதுக்கினோமே, அந்தப் பெரிய குவியல்கள் இந்த இடத்தில் உதவும்.

குடத்தைப் புதைத்தவர் எல்லாக் காசையும் சமமாகப் போட்டிருப்பார் என்பதும் நிச்சயமில்லை. புதைக்கிறவர் எடையான, நல்ல வெள்ளிக்காசைத் தேர்ந்தெடுப்பார். ஒரு மன்னன் காசில் வெள்ளி குறைந்திருந்தால் அது சந்தையில் இருக்கும், குடத்தில் இருக்காது. அதனால்தான் அகழாய்வில் ஒவ்வொன்றாகக் கிடைக்கும் சிதறல் காசுகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். அவை கை தவறி விழுந்தவை. யாரும் தேர்ந்தெடுத்தவை அல்ல.

பல குடங்கள் ஒரே ஆண்டில் நின்றால்

ஒரு குடம் எப்போது மூடியது என்பது ஒரு குடும்பத்தின் கதை. தூரத்தூரக் குடங்கள் ஒரே ஆண்டில் மூடினால் அது நாட்டின் கதை. சௌராஷ்டிரத்தில் ஜுனாகட் உபர்கோட்டையில் சுமார் 1,200 சத்ரபர் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அதன் இறுதிக் காசும் சக 273-தான். சர்வானியா அங்கிருந்து வெகுதூரம். இரண்டிலும் மூன்றாம் ருத்ரசேனன் காசு 273 வரை வருகிறது, அதற்குமேல் இல்லை.

அவன் காசுகளின் வரிசையைப் பார்த்தால் 270 முதல் 273 வரை வெள்ளி ஓடுகிறது, பிறகு 286 வரை நின்றுபோகிறது. குடங்களும் வரிசையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. சக 273-ஐ ஒட்டி, அதாவது கி.பி. 351 வாக்கில், காசைப் புதைத்துவிட்டுத் திரும்ப எடுக்க முடியாத அளவுக்குக் கலவரம் நடந்திருக்கிறது. யாருடைய படை, எந்தப் போர் என்று காசு சொல்லாது. ஆனால் எந்தப் பக்கத்தில் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

உண்டியல் பயிற்சியில் அடர்த்தியைப் பாருங்கள் என்றேனே, தடுமாறும் இடம் இதுதான். 270, 271, 272, 273 என்று நெருக்கமாக வந்து நிற்பதால்தான் "273-ஐ ஒட்டி" என்கிறோம். 273-இல் ஒற்றைக் காசு மட்டும் என்றால் "273-க்குப் பின் எப்போதோ" என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

சென்னையில் கையில் கிடைக்கும் காசைப் பற்றி

இங்கே காசுக் கண்காட்சிகளிலும் சில கடைகளிலும் சத்ரபர் வெள்ளிக்காசு விற்பனைக்கு வரும். எழுத்து படிக்கப் பழக ஒன்றிரண்டு வாங்கலாம். காலக்கணிப்புக்கு அவை உதவாது. குடத்திலிருந்து பிரிந்த காசுக்குச் சாட்சி சொல்லும் தகுதி போய்விடுகிறது; எதோடு கிடைத்தது என்பது தெரியாமல் இறுதிக் காசு ஏது? ஒருவர் எனக்கு "ஒரே புதையல் சார், முப்பது காசும்" என்று ஒரு பொட்டலம் காட்டினார். அதில் பத்துக் காசு கறுப்பேறியிருந்தது, பத்து அமிலத்தில் கழுவி வெளுத்திருந்தது, மிச்சத்தில் பச்சைக் களிம்பு. ஒரே மண்ணில் ஒரே பானையில் கிடந்தவற்றின் தோல் இப்படி மூன்று விதமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

வார்ப்புப் போலிகளும் உண்டு. விளிம்பில் மெல்லிய ஒட்டுக்கோடு, பரப்பில் குண்டூசி முனையளவு குமிழிகள் இருக்கின்றனவா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இரண்டு காசுகளில் அச்சு மட்டுமல்லாமல் விளிம்பின் நெளிவும் பின்னால் பட்ட அடியும்கூட ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே அச்சுவார்ப்பில் பிறந்தவை. ஒரே அச்சுக் காசு கிடைத்துவிட்டது என்று குதிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஊரில் வீடு கட்டத் தோண்டும்போது உங்களுக்கே குடம் கிடைத்தால், கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள். பானை ஓடுகளையும் அடியிலிருந்த மண்ணையும் சேர்த்து வையுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பென்றாலே அது கட்டாயம். எண்ணி, எடை போட்டு, கிடைத்த இடத்தோடு முழுசாகப் பதிவானால்தான் அந்தக் குடத்தை நாளை யாராவது விசாரிக்க முடியும்.

ஈசுவரதத்தன் விஷயத்தில் என் சாய்வு ராப்சன் பக்கம். கம்மியர் கை ஒத்துப்போகிறது, 158-க்கும் 161-க்கும் நடுவில் போட்டியாளனும் இல்லை. அதனால் என் குறிப்பேட்டில் அவனைக் கி.பி. 236–239 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தலைக்குப் பின்னால் நூறு, ஐம்பது, ஒன்பது என்ற மூன்று குறிகளோடு தாமசேனனின் மகாசத்ரபக் காசு ஒன்று தெளிவாகக் கிடைத்தால் ஓட்டை பாதியாகச் சுருங்கிவிடும். இரண்டு ஆட்சியாண்டுகளை அதற்குள் திணிக்க முடியுமா என்று நான் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கும். ஆண்டில்லாக் காசுகளின் படங்களை இன்னும் புரட்டிக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.